டொராண்டோ பேஸ்மென்ட்டில் முதல் குளிர்காலம்: சளி விட்டபாடில்லை, காரணம் உடையா, ஹீட்டரா?

பொருநைக்கரை | ஜனவரி 14, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்து ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறேன். நவம்பர் கடைசியில் ஒரு சளி பிடித்தது. காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் சில நாளில் போய்விட்டது. மூக்கடைப்பு மட்டும் இன்றுவரை விடவில்லை. காலையில் தொண்டை காய்ந்து எரிகிறது, மூக்கைச் சிந்தினால் லேசாக ரத்தம். மதியத்துக்குள் பரவாயில்லை, ராத்திரி படுத்ததும் மறுபடி அடைத்துக்கொள்கிறது. சளி ஒன்று முடிந்து இன்னொன்று பிடிக்கிறதோ என்று நினைக்கிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பி பத்து நிமிடம் நடந்து, பஸ், பிறகு சப்வே. உள்ளே காட்டன் பனியன், அதன் மேல் தெர்மல், ஹூடி, பெரிய பார்க்கா. அறை குளிர்வதால் ராத்திரி முழுவதும் சிறிய மின்சார ஹீட்டர் ஓடுகிறது. உடையை மாற்ற வேண்டுமா, ஹீட்டரை மாற்ற வேண்டுமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

நொய்யல் | ஜனவரி 14, இரவு 10.15

தம்பி, உடம்பு இந்த ஊர்க் குளிருக்குப் பழக ஒரு வருடமாவது ஆகும். எனக்கும் முதல் வருடம் இப்படித்தான். ஹீட்டர் அறையில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அதனால்தான் தொண்டை காய்கிறது. ஹீட்டர் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள், சரியாகிவிடும். காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். தினமும் ஆவி பிடியுங்கள். காலையில் தலை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே போகாதீர்கள், சளிக்கு அதுதான் முதல் காரணம்.

---

மழைநாடன் | ஜனவரி 14, இரவு 11.02

நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். பேஸ்மென்ட் என்றாலே ஈரம்தான். ஈரம் சுவரில் பூஞ்சையாக மாறும், அதுதான் மூக்கடைப்பு. எங்கள் வீட்டில் ஜன்னலோரம் எல்லாம் கறுப்புப் புள்ளி வந்து, குழந்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. தினமும் இரண்டு வேளை ஜன்னலை முழுவதும் திறந்து பத்து நிமிடம் வையுங்கள். துணியை அறைக்குள் உலர்த்தவே கூடாது. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிப் போட்ட பிறகுதான் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

---

சூட்டடுப்பு | ஜனவரி 15, காலை 6.20

மிசிசாகாவில் வீட்டு ஹீட்டிங் வேலை பார்க்கிறேன், பல வருடமாக. மழைநாடன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. இங்கிலாந்தில் குளிர்காலம் பெரும்பாலும் பூஜ்யத்துக்கு மேலே, மழையும் ஈரமுமாக ஓடும். டொராண்டோ ஜனவரி அதற்கு நேர் எதிர். பொருநைக்கரை சொல்லும் அறிகுறி ஈரத்தால் வருவதாகத் தெரியவில்லை, வறட்சியால் வருவது.

ஹீட்டர் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. வெளியே மைனஸ் 12 டிகிரி என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 2 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அந்தக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடாகும்போது அதற்கு 19 கிராம் வரை தாங்கும் சக்தி வந்துவிடுகிறது. இருப்பதோ அதே 2 கிராம். அதாவது ஈரப்பதம் 10 சதவீதம். நாம் சமைப்பது, குளிப்பது, மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்து அதை 20, 25-க்குக் கொண்டுவரும். இப்போது அதே அறையை நீங்கள் ஹீட்டர் போட்டு இன்னும் சூடாக்கினால் ஒரு சொட்டு ஈரம்கூட வெளியேறாமலேயே சதவீதம் இறங்கும். 21 டிகிரியில் 22 சதவீதம் காட்டும் அறை, 26 டிகிரியில் 16 காட்டும். மூக்கின் உள் தோல் காய்ந்து வெடிப்பதும் லேசாக ரத்தம் வருவதும் அதனால்தான்.

ஊகம் வேண்டாம். வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும். தலைமாட்டில் வையுங்கள். இரவு படுக்கும்போது ஒரு முறை, காலை எழுந்ததும் ஒரு முறை பார்த்து இங்கே எழுதுங்கள். ஹீட்டர் எதில் சொருகியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

---

பனங்கூடல் | ஜனவரி 15, காலை 8.05

தம்பி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மல்வேர்ன் பக்கம் கனகாலமாக இருக்கிறேன். ஹீட்டர் விசயம் தெரிந்தவர் சொல்லியிருக்கிறார். நான் உடுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கட உடுப்பில் பிழை குறைவாகப் போடுவதில் இல்லை, அடியில் பருத்தி போடுவதில்தான். காலையில் வேகமாக நடந்தால் வியர்க்கும். பிறகு பஸ்ஸுக்குள் ஏறினால் அங்கே நல்ல சூடு, பார்க்காவைப் பூட்டியபடியே நின்றால் இன்னும் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது. சப்வேயிலிருந்து வெளியே வந்ததும் காற்று பட்டு அந்த ஈர பனியன் முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டும். அப்போது இன்னும் ஒரு உடுப்பு போட வேண்டும் என்று தோன்றும், அடுத்த நாள் அதையும் போட்டு இன்னும் கூட வியர்ப்பீர்கள். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் இந்தச் சுழலுக்குள் போகிறார்கள்.

பனியனை விடுங்கள். உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய பாலியெஸ்டர் தெர்மல் மட்டும். காசு இருந்தால் மெரினோ கம்பளி, அது மணக்காது, இரண்டு மூன்று நாள் போடலாம். அதன் மேல் ஹூடிக்குப் பதில் முன்பக்கம் முழுதாகச் சிப் வைத்த ஃபிளீஸ். ஹூடி தலைவழியாகக் கழற்ற வேண்டும், பஸ்ஸுக்குள் அதைச் செய்ய ஏலாது. சிப் என்றால் ஏறின உடனே பார்க்காவையும் ஃபிளீஸையும் திறந்துவிடலாம். தொப்பியும் கையுறையும் ஏறுமுன்பே கழற்றிப் பையில் வையுங்கள். இறங்கும் ஸ்டொப்புக்கு முதல் ஸ்டொப்பில் பூட்டுங்கள். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் கூடப் போட்டிருக்கிறீர்கள்.

நொய்யல் சொன்ன இரண்டு ஜோடி சாக்ஸ், சப்பாத்து இறுக்கமாக இருந்தால் கெடுதல். ரத்தம் ஓடாது, விரல் இன்னும் குளிரும். ஒரு தடிப்பான கம்பளிச் சாக்ஸ் போட்டு, விரல் உள்ளே அசையும் அளவுக்குப் பெரிய பூட்ஸ் எடுங்கள். கைக்கு, நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் கையுறையைவிடச் சூடு.

---

பொருநைக்கரை | ஜனவரி 15, இரவு 10.30

மீட்டர் வாங்கிவிட்டேன் அண்ணா. ஹீட்டர் போடுவதற்கு முன் 18 டிகிரி, 26 சதவீதம். ஹீட்டர் போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இப்போது 26 டிகிரி, 16 சதவீதம். சுவரில் பிளக் தூரம் என்பதால் எக்ஸ்டென்ஷன் வயரில்தான் ஓடுகிறது. தெர்மோஸ்டாட் மேலே, வீட்டுக்காரர்கள் இருக்கும் தளத்தில். எனக்குக் கையில் ஒன்றும் இல்லை.

பனங்கூடல் அக்கா, ரொம்ப நன்றி. பஸ்ஸில் முதுகு நனைவது உண்மை.

இன்னொன்று, மூக்கு அடைப்புக்கு மருந்துக்கடையில் ஒரு ஸ்ப்ரே வாங்கினேன். அடித்தால் உடனே திறக்கிறது. டிசம்பரிலிருந்து தினமும் ராத்திரி அடித்துவிட்டுத்தான் படுக்கிறேன். முன்பெல்லாம் காலை வரை தாங்கும், இப்போது நடுராத்திரி எழுந்து மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது.

---

சூட்டடுப்பு | ஜனவரி 16, காலை 6.05

முதலில் அந்த வயரைக் கழற்றுங்கள், இன்றைக்கே. அந்த ஹீட்டர் 1500 வாட் இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயர் மணிக்கணக்கில் அதைத் தாங்காது, உருகித் தீப்பிடித்த வீடுகளுக்கு வேலைக்குப் போயிருக்கிறேன். வயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அதுவே போதிய எச்சரிக்கை. போட்டே ஆக வேண்டும் என்றால் நேராகச் சுவர் பிளக்கில், போர்வையும் திரையும் ஒரு மீட்டர் தள்ளி, தூங்குமுன் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது 18 டிகிரி. டொராண்டோவில் வாடகை வீட்டில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். வீட்டுக்காரரிடம் மீட்டரைக் காட்டி மரியாதையாகப் பேசுங்கள், பெரும்பாலும் அவர்களுக்குக் கீழே எவ்வளவு குளிர்கிறது என்றே தெரிந்திருக்காது. பேசியும் நடக்கவில்லை என்றால் 311-க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.

பேசப் போகும்போது தெர்மோஸ்டாட்டை ஏற்றச் சொல்வதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பேஸ்மென்ட்டில் சூடான காற்று வரும் துவாரம் பெரும்பாலும் கூரையில் இருக்கும். சூடு மேலேயே நின்றுவிடும், தரை குளிரும். மேல்தளம் சூடானதும் ஃபர்னஸ் நின்றுவிடுவதால் உங்களுக்கு வருவது கொஞ்சம்தான். தெர்மோஸ்டாட்டில் `FAN` என்ற இடத்தில் `AUTO` என்று இருக்கும். அதை `ON` ஆக்கச் சொல்லுங்கள். ஃபர்னஸ் எரியாத நேரத்திலும் காற்று சுற்றும், மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகக் குறையும். தரையோரம் காற்றைத் திரும்ப இழுக்கும் பெரிய கம்பிச்சட்டம் ஒன்று இருக்கும், உங்கள் கட்டிலோ பெட்டியோ அதை மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்னஸ் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். தூசு அடைத்த ஃபில்டரால் கடைசி அறைகளுக்குக் காற்றே போகாது.

---

மருந்துச்சீட்டு | ஜனவரி 16, பகல் 1.15

பிராம்ப்டனில் மருந்தகத்தில் வேலை செய்கிறேன். பொருநைக்கரை கடைசியாக எழுதிய பத்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஸ்ப்ரே பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் என்று இருந்தால், அது மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வழி திறக்கும் மருந்து. மூன்று நாளுக்கு மேல் அடிக்கக் கூடாது. மேலே போனால் மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். அதற்காக மறுபடி அடிப்போம், மறுபடி வீங்கும். நடுராத்திரி எழுந்து அடிக்க வேண்டியிருப்பது இந்த நிலைக்கு மிகத் தெளிவான அடையாளம்.

நவம்பரில் வந்தது உண்மையான வைரஸ் சளி. காய்ச்சல், உடம்பு வலி வந்து போனதே அதற்குச் சான்று. அதற்குப் பிறகு புதிதாகக் காய்ச்சலோ, தும்மலும் நீராக ஒழுகலுமாக ஒரு தொடக்கமோ வந்ததா? நீங்கள் எழுதியதில் இல்லை. ஒவ்வொரு புதுச் சளிக்கும் ஒரு தொடக்கம், ஒரு உச்சம், ஏழு முதல் பத்து நாளில் ஒரு முடிவு இருக்கும். உங்களுடையது படுக்கும்போது கூடி, வெளியே போனால் குறைகிறது. எனவே இது அடுத்தடுத்த சளி அல்ல என்றே நினைக்கிறேன். பாதி ஸ்ப்ரே, பாதி அந்த 16 சதவீதக் காற்று.

நிறுத்த ஒரு வழி: முதலில் ஒரு மூக்குத் துளைக்கு மட்டும் நிறுத்துங்கள், மற்றதில் சில நாள் தொடரலாம். நிறுத்திய பக்கம் திறந்துகொண்டதும் மற்றதையும் நிறுத்துங்கள். இடையில் உப்புத் தண்ணீர் ஸ்ப்ரே எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம், அதில் மருந்து இல்லை. முதல் சில இரவுகள் சிரமமாக இருக்கும், தலையணையை உயர்த்திக்கொள்ளுங்கள். தாங்க முடியவில்லை என்றால் மருந்தாளரிடம் புளூட்டிகாசோன் ஸ்ப்ரே பற்றிக் கேளுங்கள். அது வேறு வகை, வேலை செய்ய சில நாள் எடுக்கும், ஆனால் இந்தப் பழக்கம் வராது. மூக்கில் ரத்தம் வருவதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, காய்ச்சல் திரும்ப வருவது, மூச்சு வாங்குவது, ரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காதது, இவற்றில் எது வந்தாலும் டாக்டர்தான்.

ஆவி பிடிப்பதால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், குணம் கிடையாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்தவர்களைப் பார்த்ததால் நான் அதைச் சொல்வதில்லை. சுடுநீர் ஷவரில் நின்றாலே அந்த இதம் கிடைக்கும்.

---

செம்மண்காடு | ஜனவரி 16, மாலை 5.50

நான் கால்கரியில். இங்கே இதைவிட வறட்சி. என் கேள்வி வேறு: மகளுக்கு இரண்டு வயது, செப்டம்பரில் டேகேரில் சேர்த்தோம். அன்றிலிருந்து அவளுக்கு மூக்கொழுகல் நிற்கவே இல்லை, எங்களுக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் எங்கள் வீட்டில் 35 வைத்திருக்கிறோம். அப்படியும் ஏன்?

---

மருந்துச்சீட்டு | ஜனவரி 16, இரவு 8.30

செம்மண்காடு, உங்கள் வீட்டில் நடப்பது உண்மையான சளிகள். சளி உண்டாக்கும் ரைனோவைரஸ் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வகை. பெரியவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று சளி வரும், டேகேர் குழந்தைக்கு முதல் வருடம் அதைவிடப் பல மடங்கு வருவது சாதாரணம். ஒன்று முடியுமுன் அடுத்தது தொற்றுவதால் இடைவெளியே தெரியாது. ஊரில் வளர்ந்த நமக்கும் இங்கே மூடிய பஸ், மூடிய வகுப்பு, மூடிய அறை. ஈரப்பதம் மூக்கைக் காயாமல் வைக்கும், வைரஸைத் தடுக்கும் சுவர் அல்ல. வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கை கழுவுங்கள், ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ ஊசி சளியைத் தடுக்காது, ஃப்ளூ வரும் வாய்ப்பையும் அதன் கடுமையையும்தான் குறைக்கும்.

---

நொய்யல் | ஜனவரி 16, இரவு 9.10

குளிருக்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா? அப்படியென்றால் ஏன் குளிர்காலத்தில் மட்டும் வருகிறது? எங்கள் ஆத்தா சொன்னது அத்தனையும் பொய்யா?

---

மருந்துச்சீட்டு | ஜனவரி 16, இரவு 10.00

சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வைரஸ் இல்லாமல் சளி வராது, அது உறுதி. ஆனால் குளிர் பட்டால் ஏற்கெனவே மூக்கில் இருக்கும் வைரஸுக்கு இடம் கிடைக்கிறதா என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது. வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்ந்த நீரில் கால் வைத்து உட்கார்ந்தவர்களுக்கு அடுத்த சில நாள்களில் சளி அறிகுறி அதிகமாக வந்தது. ஆனால் அவர்கள் உடம்பில் வைரஸ் இருந்ததா என்று அதில் பார்க்கவில்லை. எனவே ஆத்தா சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. ஈரத் தலைதான் முதல் காரணம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

---

பொருநைக்கரை | ஜனவரி 17, இரவு 9.20

பாட்டிலில் சைலோமெட்டாசோலின் என்றே இருக்கிறது. இன்று ராத்திரியிலிருந்து இடது பக்கம் நிறுத்துகிறேன். வீட்டுக்காரரிடமும் பேசினேன், நல்ல மனிதர், உடனே ஃபேனை `ON` செய்துவிட்டார். என் பெட்டிக்குப் பின்னால் ஒரு கம்பிச்சட்டம் இருந்தது, நகர்த்திவிட்டேன். இப்போது ஹீட்டர் இல்லாமலே 20.5 டிகிரி, 23 சதவீதம். இன்னும் அரை டிகிரி தெர்மோஸ்டாட்டில் ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஈரத்துக்கு என்ன செய்யலாம்? கிண்ணத் தண்ணீர் போதுமா, ஹியூமிடிஃபையர் வாங்க வேண்டுமா?

---

சூட்டடுப்பு | ஜனவரி 18, காலை 7.10

கிண்ணம் போதாது. உங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொண்டால், வறண்ட காற்று இடைவிடாமல் உள்ளே கசிந்துகொண்டிருப்பதால், 35 சதவீதத்தில் நிறுத்த ஒரு இரவுக்குக் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் வரை ஆவியாக வேண்டும். கிண்ணத்திலிருந்து காலைக்குள் ஒரு விரல் அளவுகூட இறங்கியிருக்காது. ஹீட்டர் மேல் கிண்ணம் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம், மின்சாரம்.

காசு செலவில்லாத வழி, துவைத்த துணியை அறையிலேயே ராத்திரி உலர்த்துவது. ஒரு மெஷின் துணியில் ஒன்று இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். மழைநாடன் வீட்டில் செய்யக் கூடாதது இங்கே ஜனவரியில் மருந்து. துவைக்காத நாளில் நனைத்துப் பிழிந்த துண்டுகள் இரண்டு.

ஹியூமிடிஃபையர் வாங்கினால் புகைபோலத் துளி அடிக்கும் வகைதான் மலிவு. அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு வெள்ளைத் தூளாக மேசையெல்லாம் படியும், நீங்கள் மூச்சிலும் இழுப்பீர்கள். கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் பழைய தண்ணீரைக் கொட்ட வேண்டும், சில நாளுக்கொரு முறை வினிகர் விட்டுக் கழுவ வேண்டும். தொட்டியில் கை வைத்தால் வழுக்கினால் கிருமி வளர்கிறது என்று அர்த்தம், அதைக் காற்றில் தெளிப்பதைவிட வறட்சியே மேல்.

30, 35 போதும். அளவு மீறினால் ஜன்னல் சொல்லும். கண்ணாடியின் கீழ்விளிம்பில் தண்ணீர் கோத்தால் குறையுங்கள். வெளியே மைனஸ் 20 போகும் நாள்களில் 30-க்கு மேல் ஏற்ற வேண்டாம். அப்போதும் ஏற்றினால் மழைநாடன் வீட்டுக் கறுப்புப் புள்ளி உங்கள் வீட்டுக்கும் வரும்.

---

மழைநாடன் | ஜனவரி 18, காலை 11.45

ஊருக்கு ஊர் இவ்வளவு மாறும் என்று எண்ணவில்லை. அப்படியானால் மார்ச்சில் பனி உருகத் தொடங்கினதும் அவர் துணி உலர்த்துவதை நிறுத்த வேண்டும், இல்லையா?

---

சூட்டடுப்பு | ஜனவரி 18, மாலை 6.30

ஆமாம். மாதத்தைப் பார்க்க வேண்டாம், மீட்டர் தானாகவே 40-ஐத் தாண்டும் வாரத்தில் நிறுத்தலாம். கோடையில் இதே பேஸ்மென்ட் 65, 70 காட்டும், அப்போது நீங்கள் வாங்கிய மாதிரி ஈரம் உறிஞ்சும் மெஷின்தான் வேண்டும்.

---

பனங்கூடல் | ஜனவரி 19, காலை 9.00

தம்பி, நாளைக்கு மைனஸ் 12, காற்று 30 கிலோமீட்டர் என்கிறார்கள். உடம்புக்கு அது மைனஸ் 22 மாதிரி இருக்கும். புது தெர்மல் இன்னும் வாங்கவில்லை என்றால் பனியன் இல்லாமல் இருக்கிற தெர்மலையே போடுங்கள், கழுத்தைச் சுற்றி மூக்கு மறையும் வரை ஒரு கம்பளிச் சால்வை. மூச்சின் ஈரம் அதில் தங்கி, உள்ளே போகும் காற்று வறண்டிருக்காது, மூக்கு எரிவும் குறையும். அது நனைந்து விறைக்கும், பையில் இன்னொன்று வையுங்கள்.

---

பொருநைக்கரை | ஜனவரி 22, இரவு 10.05

இடது பக்கம் முதல் இரண்டு ராத்திரி சுத்தமாக அடைத்திருந்தது, நேற்றிலிருந்து பாதி திறந்திருக்கிறது. வலது பக்கத்துக்கு இன்னும் ஸ்ப்ரே அடிக்கிறேன். அறையில் 21 டிகிரி, துணி உலரும் நாளில் 33 சதவீதம். ரத்தம் வருவது நின்றுவிட்டது. காலையில் தொண்டை எரிவு கொஞ்சம் இருக்கிறது.

ஃபேன் எப்போதும் ஓடுவதால் கரண்ட் பில் ஏறுமோ என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

---

சூட்டடுப்பு | ஜனவரி 23, காலை 6.15

ஃபர்னஸின் வயதைக் கேளுங்கள். புது வகை மோட்டார் என்றால் மெதுவாக ஓடும்போது ஒரு பல்பு அளவுதான் இழுக்கும். பழைய வகை என்றால் 400, 500 வாட் இழுக்கும், அவர் கவலை நியாயம். அப்படியானால் தெர்மோஸ்டாட்டில் `CIRC` என்று ஒரு நிலை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது இடைவெளி விட்டு ஓடும். எதுவானாலும் உங்கள் ஹீட்டர் எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட் வரை இழுத்துக்கொண்டிருந்தது, அது நின்றிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஃபர்னஸில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுத்து இங்கே போட்டால் எந்த வகை என்று சொல்கிறேன்.